பாட்டில் அசையக் கூடாது

இன்ஸ்டாகிராமில் சிறு வியாபாரிகளின் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போனால் இப்போதெல்லாம் அடிக்கடி கண்ணில் படுகிற காட்சி ஒன்று உண்டு. மரச்செக்கு எண்ணெய் பாட்டில் மெல்லச் சுழல்கிறது, பின்னால் வெயில் மின்னுகிறது, எங்கிருந்தோ எள் கொட்டுகிறது. முதல் அரை நொடிக்கு லேபிளில் "நல்லெண்ணெய்" என்று பளிச்சென்று இருக்கும். மூன்றாவது நொடிக்குள் புள்ளிகள் காணாமல் போய், கொம்பு பக்கத்து எழுத்தோடு ஒட்டி, எந்த மொழி என்றே தெரியாத கிறுக்கலாகிவிடும். பாட்டில் இன்னும் கொஞ்சம் திரும்பினால் பின்பக்க லேபிளும் வரும். அந்தப் பக்கத்தை யாரும் படமே எடுத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அதில் பத்து வரி எழுத்து, ஒரு பார்கோடு, உரிம எண் மாதிரி ஏதோ எண்கள் எல்லாம் இருக்கும். அத்தனையும் கற்பனை.

ஒரே ஒரு புகைப்படத்தைக் கொடுத்து ஐந்து நொடி வீடியோ வாங்குகிற கருவிகள் மோசம் என்று நான் சொல்லவரவில்லை. அவற்றை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் கோளாறு. "பாட்டிலை அசைத்துக் காட்டு" என்பதுதான் எல்லோருடைய முதல் ஆசையும். அந்தக் கருவிகளிடம் கேட்கக் கூடாத முதல் விஷயமும் அதுதான். பாட்டில் அப்படியே நிற்கட்டும், அதைச் சுற்றி இருப்பது அசையட்டும். இதை ஒப்புக்கொண்டால் மீதி வேலை சுலபம், கிளிப்பும் கடைக்காரர் துணிந்து போடுகிற மாதிரி இருக்கும்.

அசைப்பதல்ல, மறுபடி வரைவது

இந்தக் கருவிகள் நம் படத்தை எடுத்து அசைக்கின்றன என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். படத்தைப் பார்த்து ஒவ்வொரு ஃபிரேமையும் புதிதாக வரைகின்றன. நம் படம் அவற்றுக்கு ஒரு மாதிரி மட்டுமே. 2025 பிப்ரவரியில் அலிபாபா வெளியிட்ட வான் 2.1 மாடலையே எடுத்துக்கொள்வோம். அதன் எடைகள், அதாவது மாடல் கற்றுவைத்திருக்கும் எண்கள், எல்லோருக்கும் திறந்திருப்பதால் உள்ளே என்ன நடக்கிறது என்று எவரும் பார்க்கலாம். படம் உள்ளே போனதும் எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட ஒவ்வொரு கட்டமும் சுருங்கி ஒரே ஒரு புள்ளியாகிறது. அந்தப் புள்ளிக்குப் 16 எண்கள், அவ்வளவுதான். காலத்திலும் இதே சுருக்கம் உண்டு. முதல் ஃபிரேம் மட்டும் தனியாக நிற்கும், அடுத்து வருபவை நான்கு நான்காகக் கட்டப்படும். நீளம் கேட்கும் இடத்தில் 80 என்று போடாமல் 81 என்று போடச் சொல்வது இதனால்தான்: முதல் ஃபிரேம் ஒன்று, பிறகு நான்கின் இருபது கட்டுகள். நொடிக்கு 16 ஃபிரேம் என்ற கணக்கில் அது ஐந்து நொடி.

இதை நம் பாட்டிலோடு பொருத்திப் பாருங்கள். 720-க்கு 1280 என்ற நின்ற வடிவத்தில் பாட்டில் முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவாக நின்றால், லேபிளின் உயரம் சுமார் 300 பிக்சல் வரும். பெரிய எழுத்தில் இருக்கும் பெயர் 60 பிக்சல். அதன் தலையில் உட்காரும் புள்ளி எட்டு பிக்சல் இருந்தால் அதிகம், அதாவது ஒரே ஒரு கட்டம். கீழே "நிகர அளவு 500 மி.லி." என்ற வரி 12 பிக்சல், ஒன்றரைக் கட்டம். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஓரளவு தாக்குப்பிடிக்கும். தமிழில் ஒரு புள்ளி போனாலே சொல் போய்விடுகிறது. "நல்லெண்ணெய்" என்பதில் மட்டும் மூன்று புள்ளிகள், இரண்டு ஒற்றைக் கொம்புகள்.

இதை ஊகத்துக்கு விடவும் வேண்டியதில்லை. இத்தகைய மாடல்களை ஓட்டும் கம்ஃபியூஐ மென்பொருளில் வீடியோ எதுவும் உருவாக்காமல், படத்தைச் சுருக்கும் VAE Encode-க்குள் அனுப்பி, அதை விரிக்கும் VAE Decode வழியாக நேராக வெளியே எடுத்துப் பாருங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு சுற்றிலேயே மங்கிப்போன எழுத்தை எந்த ப்ராம்ப்டாலும் காப்பாற்ற முடியாது, எத்தனை முறை ஓட்டினாலும் காப்பாற்ற முடியாது. "லேபிள் எழுத்து மாறக் கூடாது" என்று ப்ராம்ப்டில் கெஞ்சுபவர்கள் இந்தச் சோதனையை ஒருமுறை செய்துவிட்டால் கெஞ்சுவதை நிறுத்திவிடுவார்கள். காசு கட்டிப் பயன்படுத்தும் க்ளிங், ரன்வே போன்ற சேவைகளில் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது. பெரிய எழுத்துகளை அவை நன்றாகவே காக்கின்றன. ஆனால் பொடி எழுத்து அங்கேயும் தப்புவதில்லை.

எனவே லேபிளை மாடலிடம் ஒப்படைக்காமல், கிளிப் வந்த பிறகு அசல் புகைப்படத்தில் இருந்து வெட்டி எடுத்த லேபிளை எல்லா ஃபிரேமிலும் மேலே வைத்துவிட வேண்டும். பாட்டிலும் கேமராவும் ஒரு பிக்சல்கூட நகராமல் இருந்தால்தான் இது எளிது. முழு வேலையும் அந்த ஒரு நிபந்தனையைக் காப்பாற்றுவதில்தான் இருக்கிறது.

எதை அசைய விடுவது

ஒரு காட்சியை வைத்துக்கொள்வோம். மர மேசை, இடது பக்கம் அரை லிட்டர் நல்லெண்ணெய் பாட்டில், வலது பக்கம் ஒரு தட்டில் மூன்று இட்லி, பொடி. பின்னால் வெறும் சுவர். இதில் அசையத் தகுதியானவை இரண்டே: இட்லியில் இருந்து எழும் ஆவி, சுவரில் ஆடும் இலை நிழல். இரண்டுக்கும் நிலையான உருவம் கிடையாது. மாடல் அவற்றைத் தப்பாக வரைந்தாலும் யாருக்கும் தெரியாது. ஆவி இப்படித்தான் வளைய வேண்டும் என்று யார் சொல்ல முடியும்?

எண்ணெயை ஊற்றிக் காட்டும் ஆசையை இங்கே அடக்கத்தான் வேண்டும். எண்ணெயின் கொழகொழப்பை மாடல்கள் பெரும்பாலும் தவறவிடுகின்றன. தண்ணீர் மாதிரி தெறிக்கும், இல்லையென்றால் தேன் மாதிரி தொங்கும். ஊற்ற ஊற்றப் பாட்டிலில் அளவு குறையாது. நிற்கிற பாட்டிலுக்குள் எண்ணெய் தானாக அலையடிப்பது இன்னொரு அபத்தம். சமைக்கிறவர் கண்ணில் இது முதலில் படும், நம் வாடிக்கையாளர் பெரும்பாலும் சமைக்கிறவர்தான்.

படம் எடுக்கும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று: ஆவி போகும் பாதை லேபிளின் மேல் வரக் கூடாது. தட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே படத்தின் அகலத்தில் ஆறில் ஒரு பங்காவது இடைவெளி விடுங்கள். ஆவி லேபிளைத் தொட்டால், பிற்பாடு மேலே வைக்கும் அசல் லேபிள் ஆவியை வெட்டிக்கொண்டு தெரியும். அதேபோல நிழலும் சுவரோடு நிற்கட்டும். பாட்டில் மேல் வெளிச்சம் ஓடினால், கண்ணாடி மின்னும்போது லேபிள் மட்டும் மின்னாமல் ஸ்டிக்கர் ஒட்டினது போல் ஆகிவிடும்.

படத்தை 1080-க்கு 1920 என்று வெட்டி photo.png எனச் சேமியுங்கள். எல்லாவற்றுக்கும் இதுவே மூலம். மாடலுக்குப் போவது இதே கோப்பை 720-க்கு 1280 ஆகச் சுருக்கியது. லேபிள் வெட்டப்படுவதும் இதே கோப்பில் இருந்துதான். ஒன்று ஃபோனில் இருந்து, இன்னொன்று வாட்ஸ்அப்பில் வந்தது என்று கலந்தால் பிறகு பொருந்தவே பொருந்தாது. செலவைக் குறைக்க 480-க்கு 832-இல் ஓட்டிப் பார்ப்பது வழக்கம், பார்க்கலாம். ஆனால் அந்த அளவு சரியான 9:16 அல்ல, ஓரம் வெட்டுப்படும் அல்லது படம் இழுபடும். அதன்மேல் லேபிளைப் பொருத்தாதீர்கள். ஒவ்வொரு ஓட்டமும் எந்தத் தற்செயலில் தொடங்குகிறது என்பதைத் தீர்மானிப்பது சீட் எண். சின்ன அளவில் நன்றாக வந்த சீட் எண் பெரிய அளவிலும் அதே அசைவைத் தரும் என்றும் நம்ப வேண்டாம், தராது. சின்ன அளவு ப்ராம்ப்டைச் சோதிக்க மட்டுமே.

ப்ராம்ப்ட் ஆங்கிலத்தில் இருப்பது நல்லது. என்ன நடக்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்:

```
Locked-off tripod shot, static camera. The bottle and plate
stay perfectly still. Thin steam rises slowly from the idlis.
Soft leaf shadows sway gently on the wall behind.
```

"கேமரா நகரக் கூடாது", "சுழலக் கூடாது" என்று எதிர்மறையாக எழுதினால் மாடல் "சுழல்" என்பதைப் பிடித்துக்கொள்ளும் வாய்ப்பே அதிகம். எதிர்மறைக்கென்று தனிப் பெட்டி இருந்தால் அங்கே எழுதலாம். வான் மாடலில் இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. அந்தப் பெட்டியில் முன்கூட்டியே ஒரு நீண்ட சீன வாசகம் நிரப்பப்பட்டிருக்கும். எல்லோரும் அதைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். அதற்குள் இந்த மூன்றும் உண்டு:

```
静态    静止    静止不动的画面
```

அசைவற்றது, நிலைத்தது, அசையாமல் நிற்கும் காட்சி என்று பொருள். அதாவது "அசையாமல் இருக்காதே" என்று மாடலுக்கு உத்தரவு போகிறது. ஆளோ விலங்கோ வரும் கிளிப்புக்கு அது சரி, உறைந்துபோன வீடியோ வராமல் தடுக்கும். நமக்கோ மேலே "கேமரா அசையாதே" என்று எழுதிவிட்டு, கீழே "அசை" என்று சொல்வது போலாகிறது. அந்த மூன்றையும் அழித்துவிட்டு ஓட்டுங்கள். கேமரா தானாக உள்ளே தள்ளிக்கொண்டு போகும் தொல்லை கணிசமாகக் குறையும்.

நகர்ந்ததா இல்லையா

கிளிப் வந்ததும் கண்ணால் பார்த்து "அசையவில்லை" என்று முடிவுக்கு வருவது ஆபத்து. ஐந்து நொடியில் மூன்று பிக்சல் நகர்வது கண்ணுக்குத் தெரியாது. அசல் லேபிளை மேலே வைத்த பிறகுதான் தெரியும்: லேபிள் நிற்கும், பாட்டில் அதன் அடியில் வழுக்கிக்கொண்டு போகும். அதைவிட அசிங்கம் வேறில்லை. அதனால் எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளைவரிக் கருவியைக் கொண்டு கிளிப்பின் ஒவ்வொரு ஃபிரேமில் இருந்தும் புகைப்படத்தைக் கழித்துப் பார்த்துவிடுங்கள்:

```
ffmpeg -i clip.mp4 -framerate 16 -loop 1 -i photo.png \
 -filter_complex "[0:v]format=gbrp[a];\
[1:v]scale=720:1280,format=gbrp[b];\
[a][b]blend=all_mode=difference:shortest=1,format=yuv420p" \
 diff.mp4
```

வெளிவரும் diff.mp4 கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்க வேண்டும். மாறிய இடம் மட்டும் ஒளிரும். ஆவியும் நிழலும் ஒளிரலாம், லேபிள் எழுத்துகளும் மினுமினுக்கும். எழுத்தை எப்படியும் மூடப்போகிறோம், கவலை இல்லை. பார்க்க வேண்டியது பாட்டிலின் விளிம்பை. நேரம் போகப் போக இரண்டு பக்கமும் கோடு தடித்துக்கொண்டே வந்தால் கேமரா உள்ளே தள்ளுகிறது, அல்லது வெளியே இழுக்கிறது. இரண்டு பக்கக் கோடும் தடித்து, மேசை விளிம்பு மட்டும் கறுப்பாகவே இருந்தால் நகர்ந்தது பாட்டில், கேமரா இல்லை. விளிம்பு எதுவும் தெரியாமல் முழுப் படமும் சாம்பலாக வெளுத்தால் நகர்வு இல்லை, நிறமோ வெளிச்சமோ மாறியிருக்கிறது.

மூன்றாவது வகை பெரிய குற்றமில்லை. ஆரம்ப மூன்று நான்கு ஃபிரேம்களில் வெளிச்சம் துள்ளுவது அடிக்கடி நடப்பதுதான், அவற்றை வெட்டி எறிந்துவிட்டு மீதியை எடிட்டரில் புகைப்படத்தின் நிறத்துக்குக் கொண்டுவரலாம். முதல் இரண்டு வகையில் விளிம்புக் கோடு ஒரு பிக்சல் அளவுக்கு இருந்தால் விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் சரிசெய்ய உட்காராதீர்கள், சீட் எண்ணை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். தேறாத கிளிப்பை ஸ்டெபிலைஸ் செய்து காப்பாற்றும் நேரத்தில் இன்னும் நாலு கிளிப் எடுத்துவிடலாம்.

லேபிளைத் திரும்ப வைப்பது

photo.png கோப்பை ஃபோட்டோஷாப்பிலோ ஜிம்ப்பிலோ திறந்து, லேபிளைச் சுற்றி மாஸ்க் போட்டு, மீதி எல்லாவற்றையும் ஒளிபுகும்படி அழித்து, அதே 1080-க்கு 1920 அளவிலேயே label.png என்று சேமியுங்கள். லேபிளை மட்டும் சிறிதாக வெட்டிச் சேமித்தால் எந்த இடத்தில் வைப்பது என்ற கணக்கு தனியாக வரும், தேவையில்லாத வேலை. மாஸ்க் லேபிளின் ஓரத்தில் சரியாக ஓடக் கூடாது, ஆறேழு பிக்சல் உள்ளே தள்ளி ஓடட்டும், விளிம்பு மூன்று பிக்சல் மென்மையாகக் கரையட்டும். ஓரம் மாடல் வரைந்ததாகவும் நடு அசலாகவும் இருக்கும்போதுதான் ஒட்டு தெரியாது.

கிளிப்பை நொடிக்கு 16 ஃபிரேமில் இருந்து 32 ஆக்குவதாக இருந்தால் அதை லேபிள் வைப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு:

```
ffmpeg -i clip.mp4 -i label.png -filter_complex \
"[0:v]scale=1080:1920:flags=lanczos[v];[v][1:v]overlay=0:0" \
 -c:v libx264 -crf 16 -pix_fmt yuv420p out.mp4
```

இப்போது லேபிள் மட்டும் கத்தி மாதிரிக் கூர்மையாக இருக்கும், சுற்றிலும் இருப்பது பெரிதாக்கப்பட்டதால் சற்று மென்மையாக இருக்கும். இந்த வித்தியாசம்தான் ஒட்டு வேலையைக் காட்டிக்கொடுப்பது. லேபிள் லேயருக்கு அரை பிக்சல் மங்கல் கொடுத்து, பிறகு முழுப் படத்தின் மீதும் கிரெய்ன் எனப்படும் மெல்லிய பொடிப்புள்ளிகளைத் தூவினால் இரண்டும் ஒரே கேமராவில் எடுத்ததுபோல் சேர்ந்துவிடும். கிரெய்னை லேபிள் வைத்த பிறகுதான் போட வேண்டும். முன்பே போட்டால் லேபிளுக்குக் கீழே புதைந்துபோகும்.

"கேமரா கொஞ்சமாவது நகர்ந்தால்தானே விளம்பரம் மாதிரி இருக்கும்" என்று கேட்பவர்களுக்கு: நகரலாம், ஆனால் கடைசியில். லேபிள் ஒட்டி முடித்த முழு ஃபிரேமையும் டாவின்சி ரிசால்வ் மாதிரி ஒரு எடிட்டரில் வைத்து, ஐந்து நொடியில் 100 சதவீதத்தில் இருந்து 105-க்குக் கொண்டுபோங்கள். எல்லாம் ஒன்றாகப் பெரிதாவதால் எழுத்து கெடாது. மாடல் காட்டும் கேமரா நகர்வில் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்து ஆழம் தெரியும், இதில் அது கிடையாது. உள்ளங்கை அளவுத் திரையில், பின்னால் வெறும் சுவர் இருக்கும்போது, அந்தக் குறையை யாரும் தேடமாட்டார்கள். எஃப்எஃப்எம்பெக்கின் zoompan-இலும் இதைச் செய்யலாம், ஆனால் மெதுவான நகர்வில் படம் நடுங்கும், எடிட்டரே நல்லது.

ரீல்ஸ் தானாகத் திரும்ப ஓடுவதால் முடிவும் தொடக்கமும் சேர வேண்டும் என்பார்கள். கிளிப்பை முன்னும் பின்னும் ஓட்டும் குறுக்கு வழி இங்கே செல்லாது, ஆவி இட்லிக்குள் திரும்பி இறங்கும். கடைசி அரை நொடியைத் தொடக்கத்தின் மேல் கரைத்து விடுங்கள். லேபிள் இரண்டிலும் ஒரே இடத்தில் இருப்பதால் கரையும்போது துளிகூட ஆடாது, ஆவி கரைவது ஆவியின் இயல்பு. உள்ளே தள்ளும் நகர்வையும் சேர்த்தால் இந்த ஒட்டு தெரிந்துவிடும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். நான் கரைப்பதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

எங்கே இது நடக்காது

இவ்வளவு பிடிவாதம் எதற்கு, ரீல்ஸில் லேபிளை யார் படிக்கப்போகிறார்கள் என்று ஒரு வாதம் உண்டு. லேபிளில் இருப்பது அலங்காரம் இல்லை. 500 மி.லி. என்பது 600 ஆகலாம், பச்சைச் சதுரத்துக்குள் இருக்கும் சைவக் குறி பழுப்பாகலாம், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் வேறொன்றாகலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளைப் பற்றிப் பொய்யாக விவரிக்கும் விளம்பரத்தைத் தவறான விளம்பரம் என்கிறது. எண்களை மாற்றியது மாடல் என்பதெல்லாம் அங்கே பதிலாகாது. பாட்டிலைச் சுழற்றுவதை நான் எதிர்ப்பதும் இதற்காகத்தான். பின்பக்கத்தைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் பின்பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள், அதற்கும் இதே மாதிரி தனிக் கிளிப் செய்து இரண்டையும் அடுத்தடுத்து வெட்டி ஒட்டுங்கள்.

கையில் பாட்டிலை எடுப்பது, மூடியைத் திறப்பது போன்ற காட்சிகளுக்கு இந்த முறை போதாது. லேபிள் நகரும், வளையும், விரல் அதை மறைக்கும். நகரும் பரப்பைப் பின்தொடரும் பிளேனார் ட்ராக்கிங் செய்து ஃபிரேம் ஃபிரேமாகப் பொருத்தத் தெரிந்தவர்கள் செய்யலாம். ஐந்து நொடிக் கிளிப்புக்கு அரை நாள் போகும். பட்டுப்புடவைக்கு இது அறவே ஆகாது. அங்கே அசைய வேண்டியதே துணிதான், துணி முழுக்க இருப்பது புட்டா. மடிப்பு விரியும்போது மாடல் புட்டாக்களைத் தானே எண்ணி நிரப்பும், ஜரிகைக் கோடு இரண்டு மூன்றாகும், முந்தானையில் அன்னம் மயிலாகும். வாங்குபவர் பார்சலைப் பிரித்ததும் கேட்கும் முதல் கேள்வி "வீடியோவில் வேற டிசைன் இருந்துச்சே?" என்பதாகத்தான் இருக்கும். புடவையை ஜன்னல் ஓரம் கொடியில் போட்டு, மின்விசிறியை ஒன்றில் வைத்து, ஃபோனை ஸ்டாண்டில் நிறுத்தி எடுத்துவிடுங்கள். எண்ணெய் ஊற்றும் காட்சிக்கும் அதே ஃபோன்தான்.